ஒரு தீர்ப்பு, மூன்று கேள்விகள்

சட்டக் கல்லூரி மாணவர்கள் தேர்வு நெருங்கும்போது நீண்ட வழக்குச் சுருக்கத்தைச் சிறு அட்டைகளில் எழுதிக்கொள்வார்கள். கேள்வி, விதி, பொருத்திப் பார்த்தல், முடிவு என்று நான்கு அட்டைகள். வழக்குக்கு நான்கு என்று எண்ணினால் தவறிவிடும். கேள்விக்கு நான்கு என்பதே சரியான கணக்கு.

மொஹரி பீபி எதிர் தர்மோதாஸ் கோஷ் வழக்கைப் பாருங்கள். கல்கத்தாவில் மைனரான தர்மோதாஸ், பிரம்மோ தத் என்ற வட்டிக்காரரிடம் 20,000 ரூபாய்க்குத் தம் வீடுகளை அடமானம் வைத்தார். தாம் மேஜர் என்றும் எழுதிக் கொடுத்தார். ஆனால் அவர் மைனர் என்று தாயின் வக்கீல் ஏற்கெனவே கடிதம் எழுதியிருந்தார். தத்தின் சார்பில் எல்லாம் செய்த முகவர் கேதார்நாத்துக்கு அந்த விஷயம் தெரியும். பிறகு அடமானம் செல்லாது என்று மைனர் தரப்பு வழக்குத் தொடுத்தது. லண்டன் பிரிவி கவுன்சில் 1903-இல் தீர்ப்பளித்தது.

முதல் கேள்வி எளிது. மைனரின் ஒப்பந்தம் செல்லுமா? 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 10, 11 பிரிவுகள்தாம் விதி. தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது முடிவு.

இரண்டாவது கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். மேஜர் என்று எழுதிக் கொடுத்தவர் பிறகு அதை மறுக்கலாமா? அன்றைய சாட்சியச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு இங்கே விதி. பொய்யை நம்பி ஒருவர் ஏமாந்திருந்தால்தான் அது உதவும். முகவருக்கு உண்மை தெரியும், ஆகவே யாரும் ஏமாறவில்லை, மைனர் மறுக்கலாம். இதைச் சுருக்கும் அவசரத்தில், “மைனருக்கு 115 பொருந்தாது” என்று முடிவு அட்டையில் எழுதிவிடுகிறார்கள். பிரிவி கவுன்சில் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பொதுக் கேள்வியைத் தீர்க்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டது. தேர்வில், கடன் கொடுத்தவர் உண்மையிலேயே ஏமாந்த கதை வந்தால் அந்தத் தவறான அட்டை மாணவரைக் கவிழ்த்துவிடும்.

இந்தத் தவறைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முடிவு அட்டையை மூடிவிட்டு, பொருத்திப் பார்க்கும் அட்டையை மட்டும் படியுங்கள். முடிவை ஊகிக்க முடியாவிட்டால், அதில் ஏதோ ஒரு நிகழ்வு விடுபட்டிருக்கிறது. இங்கே அது முகவருக்குத் தெரிந்திருந்தது என்ற வரி.

வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்பது மூன்றாவது கேள்வி. அதற்கு விதி அட்டையே இரண்டாகும். ஒப்பந்தச் சட்டத்தின் 64, 65 பிரிவுகள் ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர்களுக்கே என்றது தீர்ப்பு. அன்றைய குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவோ, பணத்தைத் திருப்பித் தரச் சொல்வதை நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு விட்டிருந்தது. தெரிந்தே கடன் கொடுத்தவருக்காக அந்த உரிமையைப் பயன்படுத்த மறுத்தார்கள். ஆகவே இந்த முடிவு அட்டையில், “மறுத்தது விருப்புரிமையின்படி” என்று சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.