பாஸ் புக்கில் தெரியாத 18,000 ரூபாய்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், குழுக்களின் கணக்குப் புத்தகங்களைச் சரிபார்க்கும் சகோதரி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த நேரத்தில் செக்கைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நாம எழுதிக் கொடுத்த பிறகும் பேங்குக்குப் போகாமல் இருக்கிற செக்கைப் பற்றி.

ஒரு குழுவில் மார்ச் மாதக் கூட்டம். ஒரு உறுப்பினர் 40,000 ரூபாய் கடன் கேட்கிறார். பாஸ் புக்கில் இருப்பு 46,200. "பணம்தான் இருக்கே, கொடுத்துடலாம்"னு எல்லாரும் சொல்றாங்க. நான் ரொக்கப் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் பேங்க் இருப்பு 28,200 என்றுதான் இருந்தது. வித்தியாசம் சரியாக 18,000.

ஜனவரி 6-ஆம் தேதி இன்னொரு உறுப்பினருக்கு 18,000 ரூபாய்க்குக் கடன் செக் எழுதியிருந்தார்கள். செக் எழுதின அன்றைக்கே நாம ரொக்கப் புத்தகத்தில் செலவு எழுதிவிடுவோம். ஆனால் அந்தச் செக் வந்து சேரும் வரை பேங்குக்கு அது தெரியாது. அதனால் பாஸ் புக்கில் அந்தப் பணம் அப்படியே நிற்கும். பார்க்க நம்ம பணம் மாதிரி இருக்கும். உண்மையில் வேறொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்ட பணம். 40,000-க்குச் செக் கொடுத்து, பழைய செக் முந்திக்கொண்டு போயிருந்தால், புதுச் செக் பணமில்லை என்று திரும்பியிருக்கும்.

அந்தம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "செக்கை எங்கேயோ வெச்சுட்டேன்மா. தேடிக்கிட்டே இருக்கேன். சொன்னா திட்டுவீங்கன்னு பயந்துட்டேன்." கைக்கு வராத அந்தக் கடனுக்கு, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று இரண்டு மாதத்துக்கு 360 ரூபாயும் கட்டியிருக்கிறார்!

உடனே இன்னொரு செக் எழுதிக் கொடுத்துடலாமான்னு கேட்டாங்க. கூடாது. செக்கில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதம் அது செல்லும். மார்ச்சில் பழைய செக்கும் உயிரோடுதான் இருக்கிறது. அது கிடைத்தவர் கையில் இருந்து பேங்குக்குப் போனால் இரண்டு முறை பணம் போய்விடும். அதனால் முதலில் பழையதை நிறுத்த வேண்டும்.

முதல் வேலையாகப் பாஸ் புக்கில் வரவு செலவைப் பதிந்து பார்த்தோம். அந்த செக் எண் அதில் இல்லை. பணம் போன பிறகு நிறுத்தச் சொல்லிப் பயனில்லை. அடுத்து, கூட்டத்தில் தீர்மானம் எழுதினோம். பிறகு பேங்க் மேனேஜருக்குக் கடிதம்: கணக்கு எண், செக் எண், தேதி, தொகை, யார் பெயருக்கு எழுதியது, தொலைந்துபோனதால் பணம் கொடுப்பதை நிறுத்தவும் என்று. செக்கில் கையெழுத்துப் போடுகிறவர்களே கடிதத்திலும் கையெழுத்துப் போட்டார்கள். செக் எண்ணில் ஒரு எண் மாறினாலும் வேறு செக் நின்றுவிடும். அடிக்கட்டையைப் பார்த்து எழுதுங்க. கடித நகலில் தேதியும் நேரமும் போட்டு முத்திரை வாங்கி வந்தார்கள். அதன் பிறகுதான் புதுச் செக்.

பாஸ் புக்கில் இது எப்படித் தெரியும்? நிறுத்திய 18,000 வரவாக வரும் என்று நினைக்காதீங்க. போகாத பணம் எப்படித் திரும்பி வரும்? நிறுத்தியதற்கான கட்டணம் மட்டும் ஜி.எஸ்.டி.யோடு பற்றாக வரும். அதை ரொக்கப் புத்தகத்திலும் செலவு எழுதணும். பழைய 18,000-ஐ, செக் எண்ணோடு "நிறுத்தப்பட்டது" என்று வரவுப் பக்கம் எழுதி, புதுச் செக்கைச் செலவுப் பக்கம் எழுதணும். கடன் பேரேட்டில் புதுச் செக் தேதியிலிருந்துதான் வட்டி. அந்த 360 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மூன்று மாதமும் தாண்டியிருந்தால்? அது காலாவதிச் செக். 2012 ஏப்ரலுக்கு முன்னால் ஆறு மாதம் செல்லும். இன்னும் சிலர் அந்த நினைப்பிலேயே இருக்காங்க. காலாவதியானாலும் பாஸ் புக்கில் ஒரு வரியும் வராது. நாமதான் கவனித்து அதே மாதிரி வரவு எழுதணும். ஆனால் பொருள் கொடுத்த கடைக்காரருக்கு எழுதிய செக் என்றால், செக்தான் காலாவதி. பாக்கி காலாவதி இல்லை. அவருக்குக் கொடுக்க வேண்டியது என்று எழுதி வைத்துப் புதுச் செக் கொடுக்கணும். பாக்கியைத் தட்டிக் கழிக்கவும் செக்கை நிறுத்தக் கூடாது. அது வழக்கில் கொண்டுபோய் விடும்.

ஒவ்வொரு கூட்டத்திலும் அடிக்கட்டையையும் பாஸ் புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்க. பேங்குக்குப் போகாத செக்கைத் தனியே எழுதி, பாஸ் புக் இருப்பிலிருந்து கழியுங்க. மிச்சம்தான் கடன் கொடுக்க நம்மிடம் இருக்கிற பணம். செக் தொலைந்தால் அன்றைக்கே சொல்லுங்க. யாரும் திட்ட மாட்டோம்.