ரோட்டுச் சத்தம் கேக்கல: ஊரடங்கு நாளில் எழுதிய பாட்டைத் திருத்தி எழுதியபோது

இந்த எபிசோடுக்கு கெஸ்ட் யாரும் இல்லை. நான், ஒரு பழைய பாட்டு, அவ்வளவுதான். பாட்டு என்னோடதுதான், அதனால பாடும்போது கொஞ்சம் பொறுத்துக்கோங்க. (சிரிப்பு)

போன மாசம் பழைய போனை யாருக்கோ கொடுக்கணும்னு சுத்தம் பண்ணிட்டு இருந்தேன். அதுல நோட்ஸ் ஆப்ல ஒரு பாட்டு கிடந்தது. தேதி 2020 ஏப்ரல் 6. அதாவது ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் லைட்டை அணைச்சு விளக்கு ஏத்தினோமே, அதுக்கு மறுநாள். முதல் வரியில "கொடிய கிருமி", மூணாவது வரியில "யுத்தம்", கடைசியில "வென்றிடுவோம்". படிச்சா எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. ஒரு பஞ்சாயத்து ஆட்டோவில மைக் கட்டிப் போட்டா கச்சிதமா இருக்கும்.

அந்தச் சமயத்துல எல்லாரும் அப்படித்தான் எழுதினாங்க, அது தப்பும் இல்லை. மார்ச் மாசமே வைரமுத்து ஒரு கொரோனா பாட்டு எழுத, எஸ்.பி.பி. மெட்டுப் போட்டுப் பாடினார். அந்த வகைப் பாட்டுக்கு ஒரு வேலை இருக்கு. கையைக் கழுவு, வீட்ல இரு, பயப்படாதேன்னு முன்னாடி நிக்கிற ஆளைப் பார்த்துச் சொல்லணும். கட்டளை, இல்லைன்னா எதிர்காலம். அதே வருஷம் செப்டம்பர் 25-ம் தேதி எஸ்.பி.பி. போயிட்டார். இப்ப அந்தக் குரலைக் கேட்டா விழிப்புணர்வுப் பாட்டாவா கேக்குது? ஆனா எழுதினப்போ அது யாருக்கும் தெரியாது.

என் பிரச்சினை வேற. அந்த ஏப்ரல் 6-ம் தேதி எங்க வீட்ல நடந்த எதுவுமே என் பாட்டுல இல்லை. முக்கியமா, எங்கப்பா இல்லை.

கதையைச் சொல்லிடறேன். எங்க ஊர் ராசிபுரம் பக்கம், ஆண்டகளூர் கேட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. மொட்டை மாடியில நின்னா சேலம் – நாமக்கல் ரோடு தெரியும். அதுதான் என்.எச். 44. அப்பா லாரி டிரைவர். மார்ச் 19-ம் தேதி ஜவ்வரிசி லோடு ஏத்திக்கிட்டு நாக்பூர் கிளம்பினார். நம்ம சேலம் ஜவ்வரிசியை நாம பாயாசத்துக்கு ஒரு கைப்பிடி போடுவோம். அங்க விரத நாள்ல அதுதான் சாப்பாடே. அந்த வருஷம் மார்ச் 25-ல நவராத்திரி விரதம் ஆரம்பம். லோடு சரியா போய்ச் சேர்ந்துடுச்சு. அதே 25-ம் தேதிதான் நாடு முழுக்க ஊரடங்கும் ஆரம்பம்.

முதல் சில நாள் அத்தியாவசியச் சரக்கு மட்டும்தான் போகலாம்னு இருந்தது. காலி லாரி எந்தக் கணக்குல வரும்னு ரோட்ல நிக்கிறவங்களுக்கே தெளிவில்லை. 29-ம் தேதி எல்லாச் சரக்கும் போகலாம்னு உத்தரவு வந்துச்சு. ஆனா ஏத்தற ஆளும் இல்லை, இறக்கற ஆளும் இல்லை. ரிட்டர்ன் லோடு இல்லாம ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல சொந்த டீசல்ல ஓட்டிட்டு வர ஓனர் ஒத்துக்கணும். தாபாவெல்லாம் மூடியாச்சு. லாரிக்குள்ள ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், கொஞ்சம் அரிசி, பருப்பு.

நான் பெங்களூர் வேலையில சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகலை. 20-ம் தேதியே ஊருக்கு வந்துட்டேன். வீட்டுக்குள்ள சிக்னல் கிடையாது. மாடியில தண்ணி டேங்குக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல், தலைக்கு மேல அம்மாவோட பழைய சேலை. அதுதான் ஆபீஸ். மீட்டிங்ல சேவல் கூவும்.

இப்ப பாட்டுக்கு வருவோம். திருத்தி எழுதணும்னு உட்கார்ந்தப்போ மெட்டை முதல்ல பிடிச்சேன். வேற எங்கயும் தேடலை, கும்மி தாளம்தான். நம்ம பக்கம் 1876-ல வந்த தாது வருஷப் பஞ்சத்தைக்கூட கும்மியாத்தான் பாடி வெச்சிருக்காங்க. புலவர் செ. இராசு பஞ்சக் கும்மிகளைத் தொகுத்துப் புத்தகமாவே போட்டிருக்கார். கும்மியில ஒரு வசதி என்னன்னா, கை தட்டிக்கிட்டே பாடணும். அதனால பெரிய வார்த்தை உள்ளே வந்தா உடனே தாளம் தட்டும். பொய்யும் கொஞ்சம் தட்டும்.

தத்தகாரம் இதுதான்: "தான தான தானன – தன, தான தான தானன". வரிக்கு நாலு தட்டு. இதுல பல்லவி:

ரோட்டுச் சத்தம் கேக்கல – எங்க
கேட்டைச் சாத்த மனசில்ல

முதல்ல "மனசு வரல"ன்னு எழுதினேன். கை தட்டிப் பார்த்தா ஒரு தட்டு வெளியே நிக்குது. "மனசில்ல"ன்னா "மன"வை வேகமா சொல்லி உள்ளே அடக்கிடலாம். ரோட்டு, கேட்டு எதுகை தானா வந்து விழுந்தது. ஆனா அதுக்காக எழுதலை. இருபத்தி நாலு மணி நேரமும் லாரி ஓடற ரோடு அது. பொறந்ததுல இருந்து அந்த இரைச்சல்லதான் தூங்கியிருக்கேன். அது நின்னப்போ எங்க ஆயாவுக்குத் தூக்கமே போச்சு. ராத்திரி எழுந்து கேட் கிட்ட போய் நிப்பாங்க. "ஏனாயா?"ன்னா, "ஒண்ணுமில்ல சாமி, காத்து வாங்கறேன்"னு சொல்லுவாங்க.

முதல் சரணம் வீட்டு வேலை:

பால் பாக்கெட்டு சோப்புக் குளியல் – காஞ்ச
பத்து ரூபா நோட்டுக் கொடியில்
மொட்டை மாடி டேங்கு மேல – எனக்கு
மூணு கோடு சிக்னல் வேல

இதுல ஒரு உணர்ச்சி வார்த்தைகூட இல்லை, கவனிச்சீங்களா? பழைய டிராஃப்ட்ல "அச்சம்"னு நாலு தடவை இருந்தது. ஆனா ரூபாய் நோட்டைத் தண்ணியில அலசி, கிளிப் போட்டுக் கொடியில காயப் போட்ட வீட்ல பயம் இருந்துச்சுன்னு தனியா சொல்லணுமா என்ன? அப்ப அது சிரிக்கிற விஷயமா தெரியலை. இப்ப அம்மாவே சிரிக்கிறாங்க.

ரெண்டாவது சரணத்துக்குத்தான் ரொம்ப நாள் ஆச்சு. ஏன்னா இது ஏப்ரல் 4, 5 பத்தினது. அப்பா தினம் ராத்திரி எட்டரைக்குக் கூப்பிடுவார். 4-ம் தேதி கூப்பிடலை. நான் கூப்பிட்டா ஒரு ரெக்கார்டிங் குரல், மராத்தியில. எனக்குப் புரியலை, சுவிட்ச் ஆஃப்னு நினைச்சுட்டேன். மறுநாளும் அதேதான். ஒன்பது மணிக்கு ஊரே விளக்கு ஏத்துது, எங்கயோ வெடிகூட வெடிக்கிறாங்க. அம்மா வாசல்ல அகல் வெச்சுட்டு என்னைப் பார்க்கறாங்க. நான், "சார்ஜ் போயிருக்கும்மா"ன்னு சொன்னேன். லாரி பேட்டரியில சார்ஜ் போட்டுக்கலாம்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியும்.

அன்னிக்கு நடுராத்திரி டேங்க் மேல உட்கார்ந்து திரும்பக் கூப்பிட்டேன். இந்தத் தடவை குரலை முழுசா விட்டேன். மராத்தி முடிஞ்சு ஹிந்தி, அப்புறம் இங்கிலீஷ். "இந்த நம்பருக்கு இன்கமிங் வசதி இல்லை." அவ்வளவுதான். ரீசார்ஜ் வேலிடிட்டி முடிஞ்சிருக்கு. கடையெல்லாம் மூடினதால அவரால போட முடியலை. நான் பாதியிலயே கட் பண்ணாம இருந்திருந்தா முந்தின நாளே தெரிஞ்சிருக்கும். ஆன்லைன்ல ரீசார்ஜ் போட்டேன். கொஞ்ச நேரத்துல போன் வந்துச்சு. "என்னப்பா, தூங்கலையா?"ன்னார். அதுக்கப்புறம் விடிஞ்சு, அதே ஸ்டூல்ல உட்கார்ந்து நான் எழுதினதுதான் அந்த "கொடிய கிருமி" பாட்டு. நடந்தது கைக்கு ரொம்பப் பக்கத்துல இருந்தது. அதனால எழுத முடியலை, அதுக்குப் பதிலா யுத்தம்னு எழுதிட்டேன்.

இப்ப எழுதினது:

நாக்பூர் போன ஜவ்வரிசி – அங்க
நோன்பு வீட்டுல வெந்தாச்சு
ஏத்திப் போன மனுசனுக்கு – அங்க
எந்த அடுப்புல சோறாச்சு?

போன் கதையை உள்ளே வைக்கலை. மூணு விதமா முயற்சி பண்ணினேன். "வேலிடிட்டி"ன்னு வந்த உடனே கேக்கறவங்க சிரிப்பாங்க, பாட்டு அங்கேயே முடிஞ்சுடும். அது பேச்சுக்குத்தான் சரி, அதனால உங்ககிட்ட பேச்சுல சொல்லிட்டேன்.

அப்பா ஏப்ரல் 9-ம் தேதி விடியக்காலை வந்தார், காலி வண்டியோட. நாக்பூர்ல ஏறினா நம்ம ஊர் வரைக்கும் அதே 44-தான், ரோடே மாற வேண்டாம். கேட் கிட்டயே அம்மா மஞ்சள் தண்ணியும் வேப்பிலையும் வெச்சிருந்தாங்க. யாரும் தொடலை. மாட்டுக் கொட்டாயில கட்டில், தனித் தட்டு, தனி சொம்பு, பதினாலு நாள். ஆயா தினமும் கரித்துண்டால சுவத்துல ஒரு கோடு போடுவாங்க. சோத்தை வெச்சுட்டு பத்தடி தள்ளி உட்கார்ந்து, அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. இருமல் வருதான்னு பார்த்தாங்களா, மகனைப் பார்த்தாங்களான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது.

பத்தடி தள்ளிக் கட்டில் போட்டு – சுவத்துல
பதினாலு கோடு கிழிச்சோமே
கோட்டுக்கு மேல வெள்ள அடிச்சும் – இன்னும்
கூட்டிப் பாத்தா தெரியுதே

இது கற்பனை இல்லை. ரெண்டு பொங்கலுக்கு வெள்ளை அடிச்சாச்சு, சாயங்கால வெயில் சாய்வா விழும்போது கரி மங்கலா தெரியும். இந்தச் சரணத்துல கவனிக்க வேண்டியது காலம். "கிழிச்சோமே" இறந்த காலம், "தெரியுதே" நிகழ்காலம். 2020-ல இதை எழுதியிருக்கவே முடியாது. பதினாலாவது கோடு வருமான்னு அப்ப யாருக்குத் தெரியும்? அவருக்கு ஒண்ணும் ஆகலை. 2021 மே மாசம் இதே ஊர்ல அந்த மாதிரி அமையாத வீடுகளும் இருக்கு. அதனாலதான் "ஜெயிச்சோம்"னு ஒரு வரி போடக் கை வரலை.

கடைசியில பல்லவி திரும்ப வரணும். அதையே திரும்பப் பாடினா பாட்டு 2020-லயே நின்னுடும். சில வார்த்தைகளை மாத்தினேன்:

ரோட்டுச் சத்தம் கேக்குது – வீடு
கேட்டைச் சாத்தித் தூங்குது

அப்பாவுக்குப் பாடிக் காட்டினேன். முழுசா கேட்டுட்டு, "நாக்பூர்ல நான் சோறு ஆக்கலைடா, பக்கத்து வண்டி பஞ்சாப்காரர் சப்பாத்தி கொடுத்தார். அதை மாத்திக்க"ன்னார். (சிரிப்பு) சப்பாத்தி அந்தத் தாளத்துல உட்கார மாட்டேங்குது, முயற்சி பண்ணிட்டு இருக்கேன்.

உங்க வீட்ல அந்த நாள்ல சுவத்துலயோ காலண்டர்லயோ யாராவது கோடு போட்டு வெச்சிருந்தா, அது இன்னும் இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.