தேயிலைக் கடனும் உலகச் சாசனங்களும்
(உதகமண்டலத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவு)



போர் முடிந்த பிறகுதான் சமாதானத்தின் சட்டதிட்டங்கள் எழுதப்பட்டன என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். காலக்கிரமம் அவ்வாறு இல்லை. 1944ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22ஆம் தேதி, ஜப்பானியப் படை மறித்து வைத்திருந்த கோஹிமா–இம்பால் சாலை பெரும் உயிர்ச்சேதத்திற்குப் பின் திறக்கப்பட்டது; அதிலிருந்து ஒன்பதாம் நாள், ஜூலை முதல் தேதியில், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மலைகளில் பிரெட்டன் உட்ஸ் என்னும் இடத்து ஹோட்டலொன்றில் நாற்பத்து நான்கு தேசங்களின் பிரதிநிதிகள் கூடி, எதிர்கால உலகின் நாணய ஏற்பாட்டை வகுக்கத் தொடங்கிவிட்டார்கள். அதேபோல், சான் பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சாசனம் கையெழுத்தானது 1945 ஜூன் 26. ஹிரோஷிமாவின்மீது அணுகுண்டு விழுந்ததோ அதற்கு ஆறு வாரங்களுக்குப் பின்னர். ஆகவே அந்தச் சாசனத்தை எழுதியவர்களில் பெரும்பாலோருக்கு அப்படியோர் ஆயுதம் உலகில் உண்டென்பதே தெரியாது.

இந்த வரலாற்றை முழுமையாகச் சொல்ல ஒரு மாலைப்பொழுது போதாது. நம் மலைக்கு நேராகச் சம்பந்தமுள்ள ஓர் இழையை மட்டும் பற்றிக்கொண்டு போகிறேன். அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையும் வெலிங்டனில் படைமுகாமும் இருந்தமையால் யுத்தம் நீலகிரியை எட்டியது என்பதை யாவரும் அறிவோம். ஆனால் அதைவிட ஆழமாக அது எட்டியது தேயிலையின் வழியாகவே என்பது என் துணிபு.

ஜாவா, சுமாத்ராத் தோட்டங்கள் 1942இல் ஜப்பானியர் வசமான பிறகு, நேச நாடுகளுக்குத் தேயிலை கிடைப்பதற்கு இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் வேறு பெரிய இடமில்லை. பிரிட்டனின் உணவு அமைச்சு இங்குள்ள தேயிலையை மொத்தக் கொள்முதலாக எடுத்துக்கொண்டது. அந்தக் கொள்முதலின் கணக்கு எப்படி நடந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தோட்டமொன்றிலிருந்து ஆயிரம் பவுண்டு மதிப்புள்ள தேயிலை கப்பலேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்பது அன்றைய நிர்ணயம்; அந்த விகிதப்படி ஏற்றுமதி செய்தவருக்கு இங்கே 13,333 ரூபாய் கிடைத்துவிடும். ஆனால் பிரிட்டன் செலுத்திய ஆயிரம் பவுண்டோ லண்டனிலேயே, ரிசர்வ் வங்கியின் பெயரில் வரவு வைக்கப்பட்டு, அங்கேயே தங்கிவிடும். அதைக் கொண்டு இயந்திரம் வாங்கலாமென்றால் பிரிட்டனில் விற்பதற்கு இயந்திரம் இல்லை. டாலராக மாற்றி அமெரிக்காவில் வாங்கலாமென்றால் அதற்குக் கட்டுப்பாடு. அந்தப் பவுண்டையே ஆதாரமாகக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே நோட்டு அச்சிட்டது. யுத்த வருஷங்களில் புழக்கத்திலிருந்த நோட்டு ஐந்து மடங்குக்கும் மேல் பெருகிற்று. வாங்குவதற்கான சரக்கோ பெருகவில்லை. விலை ஏறியதற்கும், பஞ்சத்தில் ஏழையின் கைக்காசு செல்லாமற் போனதற்கும் இது ஒரு பிரதான காரணம்.

தேயிலையோடு சணல், துணி, தோல், சிப்பாய்களின் செலவு எல்லாம் இவ்வாறே சேர்ந்து, யுத்த முடிவில் பிரிட்டன் இந்தியாவுக்குக் கொடுக்கவேண்டிய ஸ்டெர்லிங் இருப்பு ஏறத்தாழ 130 கோடி பவுண்டு, அதாவது சுமார் 1,700 கோடி ரூபாய் ஆயிற்று. ஆளப்பட்ட தேசம் ஆண்ட தேசத்துக்குக் கடன் கொடுத்தவனாக நின்ற விசித்திரம் இது. கடன் கொடுத்தவன் பட்டினி கிடந்தான் என்பதையும் கூடவே சொல்லவேண்டும்.

இந்தக் கடனைத்தான் பிரெட்டன் உட்ஸுக்கு நம்மவர்கள் எடுத்துச் சென்றார்கள். தூதுகோஷ்டிக்குத் தலைவர் வைஸ்ராயின் நிதியமைச்சரான சர் ஜெரமி ரெய்ஸ்மன். அவரோடு ரிசர்வ் வங்கியின் கவர்னர் சி. டி. தேஷ்முக், பம்பாயின் ஏ. டி. ஷ்ராஃப், பொருளாதார ஆலோசகர் தியோடர் கிரெகரி, இவர்களோடு நமக்கு அண்டையிலுள்ள கோயமுத்தூரிலிருந்து ஆர். கே. சண்முகம் செட்டியாரும் சென்றிருந்தார். பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சரானவர் இவரே.

அவர்கள் கேட்டவற்றுள் இரண்டு முக்கியமானவை. யுத்தத்தினால் விளைந்த அசாதாரணக் கடன்களைத் தீர்க்க உதவுவதும் சர்வதேச நாணய நிதியின் நோக்கங்களில் ஒன்றாக எழுதப்பட வேண்டும் என்பது ஒன்று. வளர்ச்சியடையாத நாடுகளின் ஆதாரங்களைப் பெருக்குவது பற்றியும் நோக்கங்களில் குறிப்பிட வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதற்குப் பிரிட்டனும் இசையவில்லை, அமெரிக்காவும் இசையவில்லை. இந்தக் கடன் சம்பந்தப்பட்ட இரு தரப்பாரும் தமக்குள் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம் என்றும், பிரிட்டன் அதை நாணயமாகத் தீர்க்கும் என்றும் பிரிட்டன் தரப்பில் கெய்ன்ஸ் பிரபு நன்றி பாராட்டிப் பேசினார், கோரிக்கை விழுந்தது. ஒருவகையில் அமெரிக்கரின் அச்சத்தையும் நாம் புரிந்துகொள்ளலாம்: அத்தனை பெரிய கடனைத் தோளில் ஏற்றினால், புதிதாய்ப் பிறக்கும் நிதி எழுந்து நிற்குமுன்பே சாய்ந்துவிடும். இரண்டாவது கோரிக்கைக்குப் பயன் கிட்டிற்று. எல்லா உறுப்பு நாடுகளின் உற்பத்தி ஆதாரங்களையும் வளர்ப்பது என்ற வாசகம் நிதியின் விதிகளில் முதலாவதிலேயே இடம்பெற்றது.

வேறொன்றும் கிடைத்தது, எதிர்பாராத விதமாக. நாற்பது கோடி டாலர் பங்கோடு இந்தியா ஆறாவது ஸ்தானத்தில் இருந்தது. முதல் ஐந்து பெரும்பங்கு நாடுகளுக்கு மட்டுமே நிர்வாகக் குழுவில் தாமே இயக்குநரை நியமிக்கும் உரிமை அன்று இருந்தது. சோவியத் யூனியன் சேராமல் விலகவே, இந்தியா ஐந்தாவதாக ஏறி அந்த ஆசனத்தைப் பெற்றது. பிரிட்டனிடம் பணமாகக் கேட்டது வரவில்லை. கேளாத வழியில் ஆசனம் வந்தது. அக்காலத்து அமைப்புகளில் நமக்கு நேர்ந்த அனுபவத்தின் சுபாவமே இதுதான் என்று நான் கருதுகிறேன். சான் பிரான்சிஸ்கோவில் இந்தியாவின் சார்பாகச் சாசனத்தில் கையொப்பமிட்ட ஆற்காடு இராமசாமி முதலியார், 1946இல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவரானார். கௌரவம் பெரிது, அந்த மன்றத்தின் அதிகாரம் சிபாரிசு செய்வதோடு நின்றது.

அந்த மன்றம் 1947 மார்ச்சில் ஆசியா, தூரகிழக்குக்கென ஒரு பொருளாதாரக் கமிஷனை நிறுவியது. இன்னொரு தமிழரான பி. எஸ். லோகநாதன் அதன் முதல் நிர்வாகச் செயலாளர். ஷாங்காயிலும் பாகியோவிலும் கூடிய பின், கமிஷனின் மூன்றாவது கூட்டம் 1948 ஜூன் முதல் தேதி இதே உதகமண்டலத்தில் தொடங்கியது. ஜவஹர்லால் நேரு தொடங்கி வைத்தார். ஆசியாவின் தொழில் வளர்ச்சிக்கு வேண்டிய மூலதனமும் இயந்திரங்களும் எங்கிருந்து, எந்த நிபந்தனைகளோடு வருவது என்பதே பேச்சின் மையம். டச்சுக்காரர்களோடு போராடிக்கொண்டிருந்த இந்தோனேசியக் குடியரசைத் துணை உறுப்பினராகச் சேர்ப்பதா என்ற வழக்கும் இங்கே எழுந்து, முடிவின்றி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டது. ஏறக்குறைய அதே நாட்களில் சண்முகம் செட்டியார் லண்டனில் அந்தப் பழைய ஸ்டெர்லிங் கணக்கை முன்வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். ஜூலையில் உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் பிரிட்டிஷ் படை இங்கே விட்டுச் சென்ற தளவாடங்களுக்கு விலையாகப் பத்துக் கோடி பவுண்டும், பிரிட்டிஷ் உத்தியோகஸ்தர்களின் பென்ஷனுக்காக அதைவிடப் பெருந்தொகையும் கழிக்கப்பட்டு, எஞ்சியது தவணையாகவே விடுவிக்கப்பட்டது.

இனி வாணிப விதிகளுக்கு வருகிறேன். நாணயத்துக்கு ஒரு நிதி, புனருத்தாரணத்துக்கு ஒரு வங்கி என்பதைப் போல, வாணிபத்துக்கும் ஒரு சர்வதேச ஸ்தாபனம் வரவேண்டியிருந்தது. அதன் சாசனம் ஹவானாவில் 1948 மார்ச் 24இல் முடிந்தது. அதற்கு முன்பே, 1947 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, இருபத்து மூன்று நாடுகள் ஜெனீவாவில் இரண்டிரண்டாக அமர்ந்து சுங்கவரிகளைக் குறைக்கும் பேரத்தை நடத்தி, பொது ஒப்பந்தமொன்றில் கையெழுத்திட்டன. ஒரு நாட்டுக்குத் தரும் சலுகை உடனே எல்லா உறுப்பு நாடுகளுக்கும் சேர வேண்டும் என்பது அதன் ஆணிவேர். அந்தப் பேரம் தொடங்கியபோது இந்தியா ஒன்று. முடியும்போது இரண்டு நாடுகளாகியிருந்தது. நமது பிரதிநிதிகள் அங்கும் ஹவானாவிலும் விடாது வாதாடியது, இளந்தொழில்களைக் காக்கவும் அந்நியச் செலாவணி தீராமல் பார்த்துக்கொள்ளவும் வறிய நாடுகள் இறக்குமதிக்கு அளவுக்கட்டு விதிக்க உரிமை வேண்டும் என்பதையே. பொது ஒப்பந்தத்தின் பதினெட்டாம் விதி அந்த வாதத்தின் சந்ததி. இந்தியா அவ்வொப்பந்தத்தை 1948 ஜூலை 8 முதல் அனுசரிக்கலாயிற்று.

ஹவானா சாசனம் ஏன் இறந்தது, தற்காலிகமாகச் செய்த ஒப்பந்தம் ஏன் அரை நூற்றாண்டு வாழ்ந்தது? சுங்கவரி குறைக்கும் அதிகாரம் அமெரிக்க ஜனாதிபதிக்கு முன்னரே சட்டத்தால் தரப்பட்டிருந்தமையால் ஒப்பந்தத்துக்குக் காங்கிரஸின் சம்மதம் தேவைப்படவில்லை. ஸ்தாபனம் ஒன்றில் சேர்வதற்கோ தேவைப்பட்டது. சம்மதம் கிடைக்காதென்று தெரிந்துகொண்ட ட்ரூமன் அரசாங்கம் 1950 டிசம்பரில் முயற்சியைக் கைவிட்டது.

அந்த மரணத்தில் நம் மலைக்கு ஒரு நஷ்டம் உண்டு. தேயிலைச் செடி பலன் தரச் சில வருஷங்களாகும். நட்ட பிறகு விலை வீழ்ந்தால் பிடுங்கி எறியவும் முடியாது. ஆதலால் விலை விழுந்தாலும் உற்பத்தி குறையாது; விலை மேலும் விழும். இதைத் தடுக்கவே 1933இல் இந்தியா, இலங்கை, டச்சு கிழக்கிந்தியத் தீவுகள் மூன்றும் ஏற்றுமதிக்குப் பங்கீடு வகுத்து, புதிதாய்ச் செடி நடுவதற்கும் கட்டுப்பாடு செய்து ஓர் உடன்படிக்கை கண்டிருந்தன. அதில் விற்பவர் மட்டுமே இருந்தனர். ஹவானா சாசனத்தின் ஆறாம் அத்தியாயம் இத்தகைய விளைபொருள் உடன்படிக்கைகளை ஏற்று, வாங்கும் நாடுகளுக்கும் சமமான குரல் தந்து, பொதுவிதியின்கீழ் கொண்டுவர எண்ணியது. சாசனம் போகவே அந்த அத்தியாயமும் போயிற்று. தேயிலை உடன்படிக்கை 1955இல் காலாவதியானது; அதற்குப் பின் தேயிலைக்கு அதைப்போன்ற நீடித்த கட்டுப்பாடு ஏற்படவில்லை. விற்பவர் மட்டும் செய்த உடன்படிக்கை வாங்குபவரை நெருக்கக்கூடியதே என்பதை நான் மறுக்கவில்லை; எனினும் இரு தரப்பும் அமர்ந்து பேசும் ஓர் இடத்தையாவது உலகம் வைத்திருந்திருக்கலாம்.

எஞ்சியது பதினெட்டாம் விதி. அதன் நிழலில் இந்தியா நெடுங்காலம் இறக்குமதிக் கட்டுப்பாடுகளை வைத்திருந்தது. 1995இல் உலக வர்த்தக ஸ்தாபனம் பிறந்தபின், அந்நியச் செலாவணி நெருக்கடி இனி இல்லையே என்று அமெரிக்கா வழக்குத் தொடுத்தது. 1999இல் தீர்ப்பு நமக்குப் பாதகமாக வந்தது. 2001 ஏப்ரல் முதல் தேதியில் கடைசித் தொகுதிக் கட்டுப்பாடுகள் நீங்கியபோது, அப்பட்டியலில் தேயிலையும் இருந்தது. சோவியத் சந்தை கைவிட்டுப்போய்ப் பச்சைத் தேயிலை விலை சரிந்து, கோத்தகிரியிலும் குந்தாவிலும் சிறு விவசாயிகள் தத்தளித்த காலம் அது. அளவுக்கட்டுக்குப் பதிலாகச் சுங்கவரியை உயர்த்த அரசாங்கத்தால் முடிந்தது; அதற்கும் நாம் உச்சவரம்பாக ஒப்புக்கொடுத்திருக்கும் விகிதம் 150 சதவீதம்.

தேயிலை விலை என்ன என்று இம்மாவட்டத்தில் வாரந்தோறும் கேட்கிறோம். அந்த விலைக்கு மேலே நிற்கும் இவ்விதிகளைத் தமிழில் படிக்க நல்ல நூல் நம்மிடம் அரிது. இங்குள்ள கல்லூரி ஆசிரியர்கள் பொது ஒப்பந்தத்தின் பதினெட்டாம் விதியையும் ஹவானா சாசனத்தின் ஆறாம் அத்தியாயத்தையும் விளக்கத்தோடு தமிழாக்கம் செய்ய முன்வர வேண்டும். அடுத்த ஆண்டின் சொற்பொழிவு நிதியை அதற்கே ஒதுக்குமாறு அறக்கட்டளைக் குழுவினரை வேண்டிக்கொண்டு அமர்கிறேன்.