ஈரக் காற்றும் தூசிக் கணக்கும்

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம் குன்றுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் இருக்கிறது. அங்கே காற்றோட்டம் குறைவு. வண்டிப் புகையும் தூசியும் அப்படியே தேங்கிவிடும். 2015இல் அந்த ஊர்த் தன்னார்வலர்கள் சிலர், நம் தெருத் தூசியை நாமே அளப்போம் என்று இறங்கினார்கள். அந்த முயற்சி இன்று சென்சார் கம்யூனிட்டி என்ற பெயரில் பல நாடுகளில் நடக்கிறது.

அவர்கள் செய்த கருவி மிக எளிமையானது. கழிவுநீர்க் குழாய்க்கு வைக்கும் பிளாஸ்டிக் வளைவுகள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று செருகி, மழை புகாதபடி வாய் கீழே பார்க்க பால்கனியில் கட்டிவிடுவார்கள். உள்ளே ஒரு சின்ன விசிறி காற்றை இழுக்கும். அந்தக் காற்றின் குறுக்கே லேசர் ஒளி பாயும். துகள்கள் சிதறடிக்கும் ஒளியை வைத்து, ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் தூசி என்று கருவி கணக்கிடும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்த எண் வைஃபை வழியாக இணைய வரைபடத்தில் ஏறிவிடும்.

சிக்கல் பனிமூட்டமான காலையில்தான் வரும். தூசித் துகள்களில் பல, உப்பைப் போல ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். பருத்த துகள் கூடுதல் ஒளியைச் சிதறடிக்கும். கருவி அதை அதிகத் தூசி என்றே எண்ணிக்கொள்ளும். அரசு நிலையங்களில் ஈரத்தின் பாதிப்பைக் குறைத்த பிறகே அளக்கிறார்கள். அதனால் அங்கே 30 என்று காட்டும் நேரத்தில், பால்கனிக் கருவி 80 காட்டக்கூடும். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினாலே எண்ணைச் சந்தேகிக்க வேண்டும் என்பேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது? அதே குழாய்க்குள் ஈரப்பதமானி ஒன்றையும் வைப்பார்கள். ஈரமும் தூசியும் சேர்ந்தே ஏறி, வெயில் வந்ததும் சேர்ந்தே இறங்கினால், அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு தண்ணீராக இருக்கலாம். ஒரு வீட்டுக் கருவி மட்டும் எகிறினால், பக்கத்தில் யாரோ குப்பை எரிக்கிறார்கள், அல்லது குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கிறது. புத்தாண்டு நள்ளிரவில் வாணவேடிக்கை முடிந்ததும் ஊர் முழுக்கக் கருவிகள் ஒன்றாக எகிறுமே, அது உண்மையான புகை. தனிக் கருவியின் ஒற்றை எண்ணைவிட, பல கருவிகள் சேர்ந்து சொல்வதைத்தான் நான் நம்புவேன்.

சென்னையின் விடியற்காலைகளில் ஈரப்பதம் பெரும்பாலும் 70க்கு மேலேதான் இருக்கும். ஆகவே இங்கே கருவி வாங்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். மணலி, ஆலந்தூர், வேளச்சேரியில் அரசின் காற்றுக் கண்காணிப்பு நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் கருவியை முதலில் அப்படி ஒரு நிலையத்துக்கு அருகே சில வாரங்கள் ஓடவிட்டு, இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் பிறகு உங்கள் தெருவுக்குக் கொண்டுவாருங்கள்.