ஸ்கிரீன் ராடு ஏன் பிடுங்கிட்டு வருது?

இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம் கர்ட்டன் ராடு. நம்ம வீட்ல பல பேர் "ஸ்கிரீன்"னுதான் சொல்வோம், அதனால ரெண்டு வார்த்தையும் மாறி மாறி வரும்.

ஓஎம்ஆர் பக்கம் புது அபார்ட்மென்ட்ல வாடகைக்கு இருக்கிற ஒரு தோழி கேட்டாங்க. பெட்ரூம்ல ஆறடி ஜன்னல். வெயில் தாங்கலைன்னு லைனிங் வெச்ச கனமான கர்ட்டன் வாங்கி மாட்டினாங்க. மூணாவது வாரம் ஒரு பக்க பிராக்கெட், உள்ளங்கை அகலத்துக்குச் சுவர்ப் பூச்சையும் பேர்த்துக்கிட்டுக் கட்டில் மேல விழுந்துச்சு. நல்லவேளை, கட்டில்ல யாரும் இல்ல. ஆனா அட்வான்ஸ்ல கை வைப்பாரு ஓனர்.

துணி கனம்னு எல்லாரும் சொன்னாங்களாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜன்னல் அகலம் 1.8 மீட்டர். மடிப்பு அழகா விழணும்னா துணி ரெண்டு மடங்கு வேணும், அதாவது 3.6 மீட்டர். உயரம் 2.2 மீட்டர். மொத்தம் கிட்டத்தட்ட 8 சதுர மீட்டர். லைனிங்கோட சதுர மீட்டருக்கு அரை கிலோன்னு வெச்சா 4 கிலோ. ராடு, வளையம் 2 கிலோ. ஆக 6 கிலோ, ஒரு பிராக்கெட்டுக்கு மூணே கிலோ.

மூணு கிலோவுக்கா சுவர் பேர்ந்துச்சு? இங்கதான் நெம்புகோல் வருது. ராடு சுவரை விட்டு 10 செ.மீ. தள்ளி நிக்குது. பிராக்கெட்டோட தகடு சின்னது, கீழ் விளிம்புல இருந்து மேல் ஸ்க்ரூவுக்கு 4 செ.மீ.தான். அப்போ மேல் ஸ்க்ரூவை வெளிய இழுக்கிற விசை ரெண்டரை மடங்காகி ஏழரை கிலோ ஆகுது. காலையில தூக்கக் கலக்கத்துல கர்ட்டனைக் கீழ்நோக்கி ஒரு இழு இழுத்தா, அதுல ஒரு 10 கிலோ சேருது. இப்ப அந்த ஒரு ஸ்க்ரூவுல 32 கிலோ! கடையில ராடோட பளபளப்பைப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது தகட்டோட உயரம். மேல் ஸ்க்ரூ 8 செ.மீ. உயரத்துல இருந்தா இந்த இழுப்பு பாதியாயிடும். ராடு சுவருக்கு எவ்வளவு கிட்ட இருக்கோ அவ்வளவு நல்லது.

இன்னொரு பாதி, சுவர். அவங்க வீட்டுச் சுவர் ஏஏசி பிளாக். நுரை மாதிரி காத்து நிறைஞ்ச, எடை குறைஞ்ச கல். அதுமேல ஒன்றரை செ.மீ. வரை பூச்சு. ராடோட பாக்கெட்ல வந்த பிளாஸ்டிக் பிளக் மூணு செ.மீ. நீளம். பாதி பூச்சுலயே நின்னுடுச்சு, மீதிப் பாதி மெத்துன்னு இருக்கிற கல்லுல. பூச்சோட பேர்ந்து வந்ததுல ஆச்சரியமே இல்ல.

என்ன சுவர்னு டிரில் போடும்போதே தெரிஞ்சிடும். செம்மண் நிறத்துல தூள் வந்தா செங்கல். பிட் வெண்ணெய்ல இறங்குற மாதிரி இறங்கி வெளுப்பா மாவு கொட்டினா ஏஏசி. இறங்கவே அடம்பிடிச்சு சாம்பல் தூள் வந்தா கான்கிரீட். நமக்கு வேண்டியது அந்தக் கடைசி ஆள்தான்.

ஜன்னலுக்கு நேர் மேல பெரும்பாலும் கான்கிரீட் லிண்டல் இருக்கும். ரெண்டு பக்கமும் சுவருக்குள்ள அரையடி போல நீண்டிருக்கும். தோழி, ஜன்னல் பெருசா தெரியணும்னு பிராக்கெட்டை ஒரு அடி தள்ளி, மேல ஏத்தி அடிச்சிருந்தாங்க. லிண்டலைத் தாண்டிப் போயாச்சு. ஜன்னல் விளிம்புல இருந்து மூணு அங்குலம் பக்கவாட்டுல, மூணு அங்குலம் மேல அடிச்சா அனேகமா கான்கிரீட் கிடைக்கும். அங்க அஞ்சு செ.மீ. பிளக் போதும்.

லிண்டல் கிடைக்கலையா? ஏஏசிக்குன்னே விக்கிற நீளமான நைலான் பிளக் வாங்குங்க. டிரில்லோட ஹாமரை அணைச்சிட்டுத் துளை போடுங்க, இல்லன்னா துளை பெருசாகி பிளக் லொடலொடன்னு ஆடும். ஊர்ப்பக்கம் பழைய சுண்ணாம்புச் சுவர், தொட்டாலே உதிருதுன்னா நான் சொல்றது பிளைவுட் பட்டை: முக்கால் அங்குல கனம், நாலு அங்குல அகலம், ராடு நீளத்துக்கு. எட்டு ஸ்க்ரூ போட்டுச் சுவர்ல பிடிச்சு, பிராக்கெட்டைப் பட்டையில அடிங்க. சுவர் கலரே பூசிட்டா கண்ணுக்குத் தெரியாது.

மேல கான்கிரீட் தளம் இருந்தா எம் டிராக் இன்னும் நல்லது. அரை மீட்டருக்கு ஒரு ஸ்க்ரூன்னு எடை பிரிஞ்சிடும், நெம்புகோல் கணக்கே இல்ல. ஃபால்ஸ் சீலிங் போட்ட வீடுன்னா, அந்த ஜிப்சம் பலகையில மட்டும் வேண்டாம். ராடுதான் போடுறீங்கன்னா ஆறடிக்கு நடுவுல ஒரு பிராக்கெட் வையுங்க. ஆனா கர்ட்டனைத் திறந்து ரெண்டு ஓரமும் ஒதுக்கும்போது மொத்த எடையும் ஓரத்துக்கே போகும், நடு ஆள் சும்மா நிப்பாரு. அதனால ஓரத்துல சிக்கனம் பார்க்காதீங்க.

மாட்டின பிறகு ஒரு சோதனை. துணி போடுறதுக்கு முன்னாடி, ராடோட ரெண்டு ஓரத்துலயும் அஞ்சு லிட்டர் தண்ணி கேனைக் கட்டி ராத்திரி முழுக்க விடுங்க. கீழ கட்டில் இருந்தா நகர்த்திடுங்க. காலையில தகட்டோட மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு பேப்பரை நுழைச்சுப் பாருங்க. நுழைஞ்சா, இல்ல ஜன்னல் திட்டுல வெள்ளை மாவு உதிர்ந்திருந்தா, அந்தத் துளை தாங்காது. வேற இடம் பாருங்க.