எத்தனை இலை?



திருமணப் பேச்சுத் தொடங்கிய வீட்டிலே பேசுவதற்குப் பஞ்சமே இல்லை. சாதகம் பேசுவார்கள், நாள் பேசுவார்கள், கூறைப்புடவையின் நிறத்தைப் பற்றி ஒரு மாலைப்பொழுது முழுவதும் பேசுவார்கள். ஆனால் இரண்டு கேள்விகளை மட்டும் இரு வீட்டாரும் ஒருவரையொருவர் கேட்கக் கூசுவார்கள். “உங்கள் பக்கத்திலிருந்து எத்தனை பேர் வருவார்கள்?” என்பது ஒன்று. “செலவை எப்படிப் பகிர்ந்துகொள்ளலாம்?” என்பது மற்றொன்று. கேளாமல் விட்ட இந்த இரண்டு கேள்விகளும் எங்கேயும் போய்விடுவதில்லை. முகூர்த்தம் முடிந்து பந்தி போடும் நேரத்திலே, சாப்பாட்டுக் கூடத்தின் வாசலிலே அவை வந்து நிற்கும்.

எங்கள் உறவிலே நடந்த பல திருமணங்களில் கணக்கு எழுதும் வேலை என்னிடம் வந்ததுண்டு. அந்தப் பழக்கத்தைக் கொண்டுதான் இன்று உங்களோடு பேசுகிறேன். மாணவர்களுக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். அக்காவின் திருமணத்திலோ அண்ணன் திருமணத்திலோ பெயர்ப்பட்டியல் எழுத உட்காருகிறவர்கள் நீங்கள்தாம். இன்னும் சில ஆண்டுகளில் மணவறையில் உட்காரப்போகிறவர்களும் நீங்கள்தாம்.

முதலில் எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். “எத்தனை பேர்?” என்ற கேள்விக்கு மூன்று வகையான விடைகள் உண்டு. ஒருவர் பத்திரிகைகளை எண்ணிச் சொல்வார். மற்றொருவர் குடும்பங்களை எண்ணிச் சொல்வார். சமையற்காரரோ இலைகளை மட்டுமே எண்ணுவார். இந்த மூன்றும் ஒன்றல்ல. ஒரு பத்திரிகை ஒரு குடும்பத்துக்குப் போகிறது. அந்தக் குடும்பத்தில் ஒருவர் மட்டும் வரலாம், ஐந்து பேரும் வரலாம், எவருமே வராமலும் இருக்கலாம். ஆகவே எண்ணைக் கேட்கும்போது, அது எதன் எண் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு திருமணத்தைச் சொல்கிறேன். பெண் வீட்டார் கும்பகோணத்தில் இருப்பவர்கள். மாப்பிள்ளை வீட்டார் மதுரையில் இருப்பவர்கள். திருமணம் கும்பகோணத்தில் நடத்துவது என்று முடிவாயிற்று. மாப்பிள்ளையின் தந்தை, “எங்கள் பக்கம் 200தான்” என்றார். பெண்ணின் தந்தை அதை 200 இலை என்று எழுதிக்கொண்டார். தம் பக்கத்து இலைகள் 240. ஆக மொத்தம் 440 என்று கணக்கிட்டார்.

பெண்ணின் பெரியம்மா ஒருவர் நிதானமானவர். அவர் மாப்பிள்ளையின் தாயாரிடம், “சம்பந்தி, நீங்கள் சொன்ன 200 பத்திரிகையா, இலையா?” என்று கேட்டார். பத்திரிகை என்று விடை வந்தது. “அப்படியானால் யார் யார் பயணம் செய்து வருவார்கள் என்று நாம் இருவரும் சேர்ந்து பார்ப்போமா?” என்றார். இருவரும் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதியவர்கள், விடுமுறை கிடைக்காதவர்கள், மதுரையில் பின்னர் நடக்கும் வரவேற்புக்கு மட்டும் வரக்கூடியவர்கள் என்று 80 குடும்பங்கள் கழிந்தன. எஞ்சியவை 120 குடும்பங்கள். குடும்பத்துக்கு மூவர் என்று கொண்டால் 360 இலை. 440 என்று நினைத்திருந்த மதிய விருந்து 600 ஆயிற்று. அந்த 160 இலை வேறுபாடு முன்கூட்டியே தெரிந்ததனால் ஒரு தொல்லையும் நேரவில்லை. மண்டபத்தில் ஒரு பந்திக்கு 200 பேர் உட்காரலாம். ஆகவே மூன்று பந்தி என்று திட்டமிட்டார்கள். தெரியாமல் இருந்திருந்தால், மூன்றாம் பந்தியிலே சாம்பார் ரசம் போல நீர்த்திருக்கும். “எங்களைச் சரியாகக் கவனிக்கவில்லை” என்ற சொல் அந்தப் பெண்ணோடு புகுந்த வீட்டுக்கும் போயிருக்கும்.

அந்தப் பெரியம்மா இன்னொன்றும் செய்தார். எண்ணை வேளைவாரியாகப் பிரித்துக் கேட்டார். முதல் நாள் மாலையே வந்து இரவு தங்குவோர் எத்தனை பேர், காலைச் சிற்றுண்டிக்கு எத்தனை பேர், மதிய விருந்துக்கு எத்தனை பேர் என்று தனித்தனியே எழுதினார். உள்ளூர் நண்பர் முகூர்த்தத்துக்கு மட்டும் வந்து போவார்; வெளியூர் அத்தை மூன்று வேளையும் உண்பார். இந்தத் திருமணத்தில் இரவு உணவுக்கு 250, காலைச் சிற்றுண்டிக்கு 400, மதியத்துக்கு 600 என்று எண்கள் வந்தன. மூன்று வேளைக்கும் 600 என்று சொல்லியிருந்தால் எவ்வளவு உணவு வீணாகியிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனிச் செலவுக்கு வருவோம். பெண் வீட்டாரே எல்லாச் செலவையும் ஏற்பது பல குடும்பங்களில் வழக்கம். பாதிக்குப் பாதி என்பது மற்றொரு முறை. கேட்பதற்கு அது நீதியாகவே தோன்றும். ஆனால் ஒரு பக்கத்து விருந்தினர் 360, மறுபக்கத்து விருந்தினர் 240 என்றிருக்கும்போது, சரிபாதி என்பது சிறிய பட்டியல் உடையவர் பெரிய பட்டியலுக்குப் பணம் கொடுப்பதாகவே முடியும்.

ஆகவே அந்த இரு வீட்டாரும் செலவை மூன்றாகப் பகுத்தார்கள். முதலாவது, பொதுச் செலவு: மண்டப வாடகை, நாதசுரம், மேடை அலங்காரம் போன்றவை. விருந்தினர் பத்துப் பேர் கூடினாலும் குறைந்தாலும் இவை மாறுவதில்லை. ஆதலால் இவை சரிபாதி. இரண்டாவது, இலைச் செலவு: அவரவர் சொன்ன எண்ணின்படி அவரவர் பங்கு. மூன்றாவது, தனிச் செலவு: துணிமணி, பயணம், அவரவர் அச்சிடும் பத்திரிகை, இவற்றை ஒருவர் மற்றவரிடம் கேட்பதில்லை.

கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொதுச் செலவு 1,60,000 ரூபாய், பங்குக்கு 80,000. மூன்று வேளை உணவுக்கும் சேர்த்து 2,70,000 ரூபாய். அதில் மாப்பிள்ளை வீட்டாரின் இலைகளுக்கு 1,63,000, பெண் வீட்டாரின் இலைகளுக்கு 1,07,000. ஆக, மாப்பிள்ளை வீட்டாருக்கு 2,43,000 ரூபாயும், பெண் வீட்டாருக்கு 1,87,000 ரூபாயும் வந்தன. பாதிக்குப் பாதி என்றிருந்தால் ஆளுக்கு 2,15,000 ஆகியிருக்கும். பழைய வழக்கப்படி என்றால் 4,30,000 ரூபாயும் பெண்ணின் தந்தை தலையில் விழுந்திருக்கும். அவர் சம்பளக்காரர். அந்தத் தொகைக்கு அவர் கடன் வாங்கியிருந்தால், தங்கையின் கல்லூரிப் படிப்பு அந்தக் கடனுக்குப் பின்னே நின்றிருக்கும்.

இந்த முறையிலும் ஓர் இடர் உண்டு. பந்தியிலே இரு வீட்டு விருந்தினரும் கலந்து உட்காருகிறார்கள். எந்த இலை யாருடையது என்று பிரித்தறிய முடியாது, அறிய முயல்வதும் அழகன்று. மேலும், சமையல் ஒப்பந்தக்காரர் சொல்லிய எண்ணுக்குரிய பணத்தை, ஆள் குறைந்தாலும் வாங்கிக்கொள்வார். கூடினால் கூடுதல் இலைக்குத் தனியே கேட்பார். ஆகவே அவரவர் முன்னே சொன்ன எண்ணே அவரவர் பங்குக்கு அடிப்படை, அதற்கு மேல் ஏறிய இலைகள் சரிபாதி என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். சொன்ன எண்ணுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும் என்றால் யாரும் எண்ணைப் பெருக்கிச் சொல்லமாட்டார்கள். கடைசி எண்ணைத் திருமணத்துக்கு நான்கு நாள் முன்பு சொல்லிவிடுவது என்றும் முடிவு செய்தார்கள். சமையற்காரர் காய்கறி வாங்குவதற்கு முன் அது தெரிந்தாக வேண்டும்.

இவற்றை எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது? மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். மண்டபத்தின் அளவைத் தீர்மானிப்பதே அந்த எண்தான். நிச்சயதார்த்தச் சபையில் கேட்கக் கூடாது. ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தம் வசதியின் எல்லையை எவரும் சொல்லமாட்டார், கௌரவம்தான் பேசும். ஒரு வீட்டுக்கு ஒருவர் அல்லது இருவர் அமைதியாக உட்கார்ந்து பேசுவதே நன்று. கேட்பவர் தம் பட்டியலையும் தம்மால் இயன்ற தொகையையும் முதலில் வைத்துவிட வேண்டும். “எங்கள் பக்கம் 240 இலை. எங்களால் இரண்டு லட்சம் வரை இயலும். உங்கள் எண்ணத்தையும் சொன்னால் சேர்த்துத் திட்டமிடலாம்” என்று சொல்லும்போது அது விசாரணையாகத் தோன்றாது, நம்பிக்கையாகத் தோன்றும்.

மறுமொழியிலே சில சொற்களைக் கவனியுங்கள். “எல்லாம் உங்கள் விருப்பம்”, “முன்னே பின்னே இருக்கும்”, “சிறப்பாகச் செய்துவிடுங்கள்” என்பவை விடைகள் அல்ல. ‘சிறப்பாக’ என்ற சொல்லுக்குள்ளே ஓர் எண் ஒளிந்திருக்கிறது. அது சொன்னவருக்குத் தெரியும், கேட்டவருக்குத் தெரியாது. அப்போது கோபப்படாமல், “சிறப்பு என்று நீங்கள் நினைப்பது எது? யாரை அழைக்காவிட்டால் உங்களுக்கு மனக்குறை ஏற்படும்?” என்று கேட்கலாம். விருந்தின் பெருமையை அவர் நாடவில்லை, இரண்டு சித்தப்பா குடும்பங்களை விட்டுவிடக் கூடாது என்பதே அவர் கவலை என்று சில சமயம் தெரியவரும்.

இங்கே ஓர் எல்லைக்கோடு உண்டு. இருவரும் கூடி நடத்தும் விழாவின் செலவைப் பங்கிடுவது வேறு. “இத்தனை சவரன் போடுங்கள், வண்டி வாங்கிக் கொடுங்கள்” என்று அதே தாளில் எழுதச் சொல்வது வேறு. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் வரதட்சணை கேட்பதையும் வாங்குவதையும் கொடுப்பதையும் குற்றம் என்கிறது. மணமக்களுக்கு மனமுவந்து தரும் அன்பளிப்புகளையும்கூடப் பட்டியலாக எழுதி, மணமக்கள் இருவரும் கையொப்பமிட்டு வைக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. செலவுப் பேச்சு அந்தக் கோட்டைத் தாண்டுமானால், அங்கே பேச்சை நிறுத்திவிடும் உரிமை பெண்ணுக்கும் உண்டு, மாப்பிள்ளைக்கும் உண்டு.

கும்பகோணத்துத் திருமணத்தின் கணக்கு ஒரே தாளில் முடிந்தது. அதற்கு இரண்டு படிகள் எடுத்து, வீட்டுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டார்கள். திருமணத்தன்று 15 இலைகள் கூடுதலாக விழுந்தன. எழுதி வைத்தபடியே அந்தப் பணத்தைப் பாதிப் பாதியாகக் கொடுத்தார்கள். அதைப் பற்றி இரு வீட்டிலும் பிறகு யாரும் பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் முன்பே பேசி முடித்திருந்தார்கள்.