அப்படியே அனுப்பத்தக்க மடல்



அமெரிக்காவில் எச்-1பி விசாவில் பணிபுரியும் ஒருவர் வேலையை இழந்தால், 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, அதிகபட்சம் 60 நாள்கள், அல்லது அவருக்கு வழங்கப்பட்ட தங்கும் காலம் அதற்கு முன்பே முடிவதானால் அந்த நாள் வரை, அவர் அந்நாட்டில் சட்டப்படி இருக்கலாம். அதற்குள் வேறொரு நிறுவனம் அவருக்காக மனு தாக்கல் செய்ய வேண்டும். இல்லையேல் அவர் வேறு விசா நிலைக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும் அல்லது நாட்டை விட்டுப் புறப்பட வேண்டும். விண்ணப்பம், தொலைபேசி உரையாடல், பல சுற்று நேர்காணல், வேலைக்கான கடிதம், வழக்கறிஞர் வழி மனுத் தயாரிப்பு ஆகிய எல்லாம் இந்த 60 நாள்களுக்குள் அடங்க வேண்டியிருப்பதால், இணையவழி விண்ணப்பங்களின் குவியலில் காத்திருக்க நேரமில்லாதவர்கள் தேடுவது, இரு தரப்பையும் அறிந்த ஒருவர் முன்வந்து செய்துவைக்கும் அறிமுகத்தையே. தொழில் வட்டாரங்களில் வார்ம் இன்ட்ரோ எனப்படும் இந்த அறிமுகத்தைக் கேட்கும் முறையும், அதைச் செய்துவைப்பவரின் வேலையைக் குறைத்துத்தரும் முறையுமே இவ்வுரையின் பொருள்.

யாரிடம் கேட்பது என்ற கேள்விக்குச் சமூகவியல் ஒரு வியப்பான விடையைத் தந்திருக்கிறது. பாஸ்டனுக்கு அருகிலுள்ள நியூட்டன் நகரில், அண்மையில் வேலை மாறிய 282 பேரை மார்க் கிரானோவெட்டர் ஆராய்ந்து, 1973இல் ஒரு கட்டுரையாகவும் 1974இல் நூலாகவும் வெளியிட்டார். அறிந்தவர் வழியாக வேலை பெற்றோரில், வாரத்துக்கு இருமுறையேனும் சந்திக்கும் நெருங்கியவர் மூலம் அதைப் பெற்றோர் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கினரே. பாதிக்கும் மேற்பட்டோர் அவ்வப்போது மட்டும் சந்திப்பவர் மூலமும், நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் அரிதாகவோ சந்திப்பவர் மூலமும் பெற்றிருந்தனர். நெருங்கிய நண்பர்கள் அறிந்த செய்தி பெரும்பாலும் தேடுபவரும் அறிந்ததாகவே இருக்கும் என்பதும், தொலைவான அறிமுகமே வேறொரு வட்டத்துக்குக் கதவைத் திறக்கிறது என்பதும் அவர் தந்த விளக்கம். லிங்க்டின் தளத்தின் ஏறத்தாழ 2 கோடிப் பயனர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு இக்கருத்தைச் சற்றுத் திருத்தி, மிகத் தொலைவும் அல்லாத, மிக நெருக்கமும் அல்லாத இடைநிலைப் பழக்கமே வேலை மாற்றத்துக்கு மிகுதியாக உதவுகிறது என்று காட்டியது. பொங்கல் விழாவிலும் ஆண்டு விழாவிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் மட்டும் சந்தித்துக்கொள்ளும் நம் தமிழ்ச் சங்க உறுப்பினர்களின் பழக்கம் சரியாக இந்த வகையைச் சேர்ந்தது.

ஆனால் இதிலேயே இடர்ப்பாடும் இருக்கிறது. மிகுதியாக உதவக்கூடிய அந்த இடைநிலை நண்பருக்கு, கேட்பவர் எந்தத் துறையில் எதைச் செய்தார் என்பது தெளிவாகத் தெரியாது. ‘அண்ணா, உங்க நிறுவனத்துல யாராவது இருந்தா சொல்லுங்க’ என்று வாட்ஸாப்பில் ஒரு வரியும் தன்விவரக் குறிப்பும் வந்தால், யாரிடம் சொல்வது, என்னவென்று எழுதுவது, எதைக் கேட்பது என்ற மூன்றையும் அவரே முடிவு செய்யவேண்டியிருக்கிறது. மனமிருந்தும் அவர் அதை வாரக்கடைசிக்குத் தள்ளிவைக்கிறார், வாரக்கடைசியில் மறந்துபோகிறார், பிறகு எழுதக் கூச்சப்படுகிறார். ஆகவே நண்பர் எழுதவேண்டிய சொற்களைக் கேட்பவரே எழுதித் தருவதுதான் இதற்குரிய தீர்வு.

இதனை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காணலாம். நியூ ஜெர்சியில் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் ஏழு ஆண்டுகள் தரவுப் பொறியாளராக இருந்த ஒரு பெண்மணி, ஆட்குறைப்பில் வேலையை இழந்ததாகக் கொள்ளலாம். அவர் சேர விரும்பும் குழுவின் மேலாளரும், தமிழ்ப் பள்ளியில் அவரோடு மூன்று ஆண்டுகள் தொண்டாற்றிய ஒரு நண்பரும் லிங்க்டின்னில் இணைந்திருப்பது தெரியவருகிறது. தளத்தில் இணைந்திருப்பது பழக்கத்துக்குச் சான்றாகாது. ஒரு கருத்தரங்கில் ஒருமுறை கைகுலுக்கியவர்களும் அங்கே இணைந்திருப்பார்கள். எனவே முதல் மடல், பழக்கத்தின் அளவைக் கேட்டு, மறுப்பதற்கும் வழிவிட்டு, நண்பர் ஒருவருக்கு மட்டும் எழுதப்படுவதாக இருக்க வேண்டும். ‘அண்ணா, வணக்கம். என் வேலை சென்ற வாரத்தோடு முடிந்தது. ஜூன் 12க்குள் வேறு நிறுவனம் மனு தாக்கல் செய்தாக வேண்டும். உங்களோடு இணைந்துள்ள இன்னாரின் குழுவில் எனக்குப் பொருத்தமான இடம் ஒன்று உள்ளது. அவரை உங்களுக்கு நன்றாகத் தெரியுமென்றால், நான் எழுதித்தரும் மடலை அவருக்கு அனுப்ப இயலுமா? அவ்வளவு பழக்கமில்லை என்றாலோ, இது சரியான நேரமில்லை என்றாலோ தயங்காமல் சொல்லுங்கள், வேறு வழி பார்த்துக்கொள்கிறேன்’ என்ற அளவே போதும்.

நண்பர் இசைந்ததும் அனுப்பவேண்டிய இரண்டாம் மடலே அப்படியே அனுப்பத்தக்க மடல். அதன் முகவரி நண்பருடையது. ஆனால் அதன் உண்மையான வாசகர் அந்த மேலாளர். இதை முதல் மடலுக்குப் பதிலாகத் தொடர்ந்து எழுதாமல் புதிய மடலாகவே தொடங்க வேண்டும். ஏனெனில் தொடர்மடலை நண்பர் ஃபார்வர்டு செய்தால், அவரிடம் மட்டும் சொல்லிய வருத்தமும், மேலாளரோடு அவருக்குள்ள பழக்கத்தைப் பற்றிய பேச்சும் அடியில் ஒட்டிக்கொண்டு போய்விடும். இணைப்புக் கோப்பு ஃபார்வர்டு செய்யும்போது உடன் செல்லும், ஆனால் பதில் எழுதும்போது செல்லாது என்பதால், தன்விவரக் குறிப்பைக் கோப்பாக இணைப்பதோடு லிங்க்டின் முகவரியையும் மடலிலேயே எழுதிவிடுவது நல்லது.

நடைமுறையில் ஆங்கிலத்தில் அமையும் அம்மடலின் பொருளைத் தமிழில் இவ்வாறு தரலாம். தலைப்பு: ‘காப்பீட்டுத் தரவில் 7 ஆண்டு அனுபவம் – மூத்த தரவுப் பொறியாளர் பணியிடம் பற்றி 20 நிமிடம்’. உள்ளே: ‘இன்னாருக்கு என்னை அறிமுகப்படுத்த இசைந்தமைக்கு நன்றி. அவர் குழு தேடும் மூத்த தரவுப் பொறியாளர் பணியில், பழைய இரவுநேரச் செயலோட்டங்களைக் கிளவுடுக்கு மாற்றுவது முதன்மையாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. கடந்த இரண்டு ஆண்டுகளாக நான் செய்தது அதே வேலை: இரவில் 9 மணி நேரம் ஓடிய காப்பீட்டுக் கோரிக்கைச் செயலோட்டத்தை மாற்றியமைத்து 2 மணி நேரத்துக்குக் குறைத்தோம், அதன் வடிவமைப்பு என் பொறுப்பில் இருந்தது. அடுத்த வாரம் 20 நிமிடம் தொலைபேசியில் பேச அவருக்கு இயலுமா என அறிய விரும்புகிறேன். எனக்கு எச்-1பி மாற்றம் தேவை. ஜூன் 12க்குள் மனு தாக்கலாக வேண்டும். பொருந்தாது என்றால் ஒரு வரி போதும்.’

இம்மடலில் ஏன் இந்த மேலாளர் என்ற காரணம் முதலில் வருகிறது; அதற்குப் பின்பே கேட்பவர் யார் என்பது வருகிறது. காரணத்தைச் சொல்லாத மடல், யாருக்கும் அனுப்பக்கூடிய சுற்றறிக்கையாகப் படும். கேட்கப்படுவது வேலை அன்று, 20 நிமிடம். வேலை கொடு என்று கேட்டால் மறுப்பதுதான் எளிது, ஓர் உரையாடலுக்கு இசைவது அவ்வளவு கடினமில்லை. விசாவைப் பற்றிய வரியைப் பலர் மறைக்க விரும்புகிறார்கள். அது தவறான கணக்கு. இரக்கத்தை வேண்டும் சொல் அம்மடலில் ஒன்றும் இருக்கக் கூடாது. ஆனால் நாளும் தேவையும் உண்மைச் செய்தியாக இருக்கவே வேண்டும், ஏனெனில் விசா மாற்றத்துக்கு வழியில்லாத நிறுவனத்தில் மூன்று சுற்று நேர்காணல் முடிந்தபின் அது தெரியவந்தால் 60 நாள்களில் பாதி கரைந்துபோயிருக்கும். மடல் முழுவதும் கைப்பேசித் திரையில் ஒரே பார்வையில் அடங்க வேண்டும் என்பது அளவுகோல்.

நண்பர் செய்யவேண்டியது, மேலே இரண்டு வரி சேர்த்து ஃபார்வர்டு செய்வது மட்டுமே: ‘இவரைத் தமிழ்ப் பள்ளியில் மூன்று ஆண்டுகளாகத் தெரியும், உடன் பணிபுரிந்ததில்லை, ஆனால் எடுத்த வேலையைக் குறித்த நாளில் முடிப்பவர். பேச விருப்பமென்றால் இணைத்துவிடுகிறேன்.’ இந்த இரு வரிகளைக் கேட்பவர் எழுதித்தரக் கூடாது. பிறர் வாயில் தன் புகழை வைப்பது முறையன்று. அது நண்பரின் நடையில் இல்லாமல் துருத்திக்கொண்டும் நிற்கும். மேலாளரைக் கேளாமலே இருவரையும் ஒரே மடலில் இணைத்துவிடாமல், அவருடைய இசைவையும் பெற்றபின் இணைக்கும் இம்முறை இருதரப்பு இசைவு எனப்படும். நியூயார்க்கைச் சேர்ந்த முதலீட்டாளர் பிரெட் வில்சன் 2009இல் இதனை வலியுறுத்தி எழுதியிருக்கிறார். நண்பர் சொன்ன உண்மையின் அளவே அவருடைய சொல்லுக்குரிய மதிப்பு என்பதால், ‘உடன் பணிபுரிந்ததில்லை’ என்ற வரி அறிமுகத்தை வலுவிழக்கச் செய்வதில்லை.

இணைப்பு மடல் வந்தபின் பொறுப்பு கேட்பவருக்கு மாறுகிறது. அன்றைக்கே, மேலாளரின் பதிலுக்குக் காத்திராமல், நண்பருக்கு ஒரு வரி நன்றி கூறி, அவருடைய முகவரியைப் பிசிசி எனப்படும் மறைபடி வரிசைக்கு மாற்றி, பேசுவதற்கு இரண்டு மூன்று நேரங்களை நேர மண்டலத்தோடு குறித்து எழுத வேண்டும். பிசிசிக்கு மாற்றினால் அறிமுகம் நடந்ததை நண்பர் கண்டுகொள்வார். ‘செவ்வாயா, புதனா’ என்று பின்னர் நடக்கும் மடல் பரிமாற்றமோ அவருடைய பெட்டியை நிரப்பாது. பேச்சு முடிந்தபின், விளைவு எதுவாயினும் அவருக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். இதைத் தவறவிடுபவர்களுக்கு இரண்டாம் அறிமுகம் கிடைப்பது அரிது.

கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. ஒரே மேலாளருக்கு மூன்று நண்பர்கள் வழியே ஒரே வாரத்தில் மூன்று மடல்கள் போவது, மூவரையும் சங்கடத்தில் நிறுத்தும். பல நிறுவனங்களில், தளத்தில் முன்பே விண்ணப்பித்துவிட்ட ஒருவரைப் பணியாளர் பரிந்துரையாகப் பிறகு பதிவு செய்ய இயலாது. அதனால் விண்ணப்பிப்பதற்கு முன்பே நண்பரைக் கேட்டுக்கொள்வது நலம். நண்பரிடமிருந்து மறுமொழி வரவில்லையானால், வழக்கமாக ஒரு வாரமும், நாள் நெருக்கும் இத்தகைய நிலையில் மூன்று நாளும் பொறுத்து ஒரேயொரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் மௌனமே பதிலானால் அதை மறுப்பாகக் கொண்டு, மனத்தாங்கல் இன்றி அடுத்த வழியைத் தேட வேண்டும்.

மறுப்பதற்கு நண்பருக்கு உரிமை உண்டு. மேலாளரிடம் தம் பெயரைப் பணயம் வைப்பவர் அவரே. ஆயினும் பதில் வராத ஒவ்வொரு நாளும் வேலை இழந்தவரின் 60 நாள்களிலிருந்தே கழிகிறது. ஆகையால் இச்சங்கத்தில் பணியில் மூத்தவர்களாக இருக்கும் அனைவரிடமும் வைக்கப்படும் வேண்டுகோள் ஒன்றே: அத்தகைய மடல் வந்தால் இரண்டு நாள்களுக்குள் அதை அனுப்பிவிடுங்கள், அல்லது இயலாது என்று அந்த இரண்டு நாள்களுக்குள்ளேயே சொல்லிவிடுங்கள்.